காய்ச்சலில் 52, இப்போது 18: முடிக்கு எந்த ஃபெரிட்டின் கணக்கு?

கேள்வி

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 32 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். பர்கூரில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு இரண்டரை வயது. அவன் பிறந்த பிறகு காப்பர் டி போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் வைரஸ் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துவிட்டேன். அந்த வாரமே ஃபுல் பாடி டெஸ்ட் எடுத்தோம். ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 52. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், செப்டம்பரிலிருந்து தினமும் சாப்பிடுகிறேன். அக்டோபர் கடைசியில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. நவம்பரில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நாலு மணிக்கு மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 75, ஃபெரிட்டின் 18, ஜிங்க் 62, தைராய்டு நார்மல்.

மாத்திரை சாப்பிட்டும் 52 எப்படி 18 ஆகும்? தினமும் ராகிக் களி சாப்பிடுகிற எனக்கு இரும்பு எப்படிக் குறையும்? ஓசூரில் ஒரு ஹேர் கிளினிக்கில், ஃபெரிட்டின் 70-ஐத் தாண்டினால்தான் முடி முளைக்கும், டிரிப் போட்டு 100 ஆக்கிவிடலாம் என்கிறார்கள். மருந்துக்கடையில் ஜிங்க் 50 மில்லிகிராம் காலையும் இரவும் போடச் சொன்னார்கள், பயோட்டினும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையை ஆரம்பத்திலிருந்தே காலை டீ குடிக்கும்போதுதான் போடுகிறேன், பத்து நாளாக இவற்றையும் அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். எந்த நம்பரை நம்புவது, எவ்வளவு வந்தால் முடி வளரும்?

— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்

வணக்கம் அம்மா. தேதியும் நேரமும் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் என்னால் பதில் சொல்ல முடிகிறது. ஃபெரிட்டின், ஜிங்க் இரண்டுமே எப்போது, எந்த நிலையில் ரத்தம் எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறுகிறவை. லேப் ரிப்போர்ட்டில் அந்த விவரம் இருக்காது. எண்ணும், அதன் பக்கத்தில் ஒரு நார்மல் ரேஞ்சும் மட்டும்தான் இருக்கும்.

முதலில் உங்களைக் குழப்பிய விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை சாப்பிட்டதால் ஃபெரிட்டின் 52-லிருந்து 18-க்கு இறங்கவில்லை. அந்த 52 தொடக்கத்திலேயே உங்களுடைய உண்மையான அளவு கிடையாது.

ஃபெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம். ஹீமோகுளோபின் அன்றாடம் உலையில் போடும் அரிசி என்றால் ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். குதிரில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் அந்த டெஸ்ட் மறைமுகமாகச் சொல்கிறது. ஆனால் காய்ச்சல், தொற்று, உடம்பில் எங்காவது அழற்சி என்று ஏதாவது வந்தால், இரும்பு கூடாமலேயே ரத்தத்தில் ஃபெரிட்டின் உயரும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தாலும் இப்படி உயரும். காய்ச்சல் விட்டபின் அது தன் பழைய இடத்துக்கு இறங்க வாரக்கணக்கில் ஆகலாம்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் வாரத்தில் வந்த உங்கள் 52 இந்த இரண்டாவது எல்லைக்குக் கீழே இருக்கிறது. ரிப்போர்ட் பார்வைக்கு நார்மல். ஆனால் ஆகஸ்டிலேயே உங்களுக்கு இருப்பு குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அன்று கூடவே சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையையும் செய்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

நவம்பரில் காய்ச்சல் இல்லை, 18 வந்தது. இதுதான் நம்ப வேண்டிய எண். பெரும்பாலான லேப்களில் பெண்களுக்கான நார்மல் ரேஞ்ச் 10 அல்லது 13-லிருந்தே தொடங்கிவிடும். அதனால் 18-க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருந்திருக்காது. அந்த ரேஞ்ச் எப்படி வருகிறது தெரியுமா? நலமாக இருப்பதாகத் தோன்றும் பெண்கள் பலரின் ரத்தத்தைப் பார்த்துப் போடுவது. மாதவிலக்கு வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு ஏற்கெனவே இரும்பு குறைவு. அவர்களையும் சேர்த்துத்தான் அந்த நார்மல் வருகிறது. மருத்துவத்தில் நாங்கள் 30-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு எம்.சி.வி. 75, அதாவது சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. ஹீமோகுளோபினும் 12-க்குக் கீழே. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

முடிக்கு எவ்வளவு ஃபெரிட்டின் வேண்டும்?

70 என்ற எண் வெறும் வியாபாரப் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். முடி உதிர்வைப் பார்க்கிற நிபுணர்கள் சிலர் 70-க்கு மேல் வைத்திருப்பது நல்லது என்று பல வருடங்களாகவே எழுதி வருகிறார்கள். நாள்பட முடி உதிரும் பெண்களுக்கு இரும்பு கொடுத்ததில் உதிர்வு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. முடி உதிரும் பெண்களையும் உதிராத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஃபெரிட்டினில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் இருக்கின்றன. 69-ல் முடி முளைக்காது, 71-ல் முளைக்கும் என்று காட்டிய ஆய்வு எதுவும் கிடையாது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் முடி உதிர்கிறதோ இல்லையோ, இரும்பு கொடுக்க வேண்டும். 30-லிருந்து 40 வரை இருந்து முடியும் உதிர்ந்தால் கொடுப்பேன். 40-லிருந்து 70 வரை தெளிவில்லாத இடம். அங்கே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு டெஸ்டைப் பார்ப்பேன். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது என்றாலோ இரும்பைத் தொடர்வேன். அது இரண்டும் இல்லையென்றால் முடி உதிர்வுக்கு வேறு காரணத்தைத் தேடுவேன். 70-ஐத் தாண்டியவருக்கு முடிக்காக மேலும் இரும்பு ஏற்றுவதில் எனக்குத் தெரிந்து எந்தப் பயனும் இல்லை.

ஆகவே உங்களுக்கான இலக்கு, காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்த ரத்தத்தில் 40-ஐத் தாண்டி, 50-ஐ ஒட்டி நிற்பது. அது 60, 65 என்று போனாலும் நல்லதுதான். 100 உங்களுக்குத் தேவையே இல்லை.

இதை அடைய எவ்வளவு இரும்பு தேவை என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஃபெரிட்டின் ஒரு புள்ளி உயர உடம்பில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்பு சேர வேண்டும். 18-லிருந்து 50-க்குப் போக 32 புள்ளிகள், அதற்கு 260 மில்லிகிராம் அளவில் ஆகும். ஹீமோகுளோபினை 11.2-லிருந்து 12.5-க்குக் கொண்டுவர, 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இன்னொரு 140 மில்லிகிராம். மொத்தம் 400. உடம்பு முதலில் ஹீமோகுளோபினைத்தான் சரிசெய்யும், அதன் பிறகே இருப்பில் சேர்க்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் ஃபெரிட்டின் அசையாமல் இருந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த 400 மில்லிகிராமும் குடலில் உறிஞ்சப்பட்டு உள்ளே போக வேண்டிய அளவு. 60 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒரு மாத்திரையைச் சரியான முறையில் சாப்பிட்டால் 10 மில்லிகிராம் போல உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் மாதம் 150. அதில் மாதவிலக்கில் போவதைக் கழிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான்கு மாதத்தை ஒட்டி இலக்கு வரும்.

ஏன் இத்தனை நாள் ஏறவில்லை?

மூன்று மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 11.4-லிருந்து 11.2-க்கு வந்திருக்கிறது. இரும்பு சரியாக உள்ளே போயிருந்தால் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு புள்ளி ஏறியிருக்க வேண்டும். அப்படியானால் உள்ளே போகாமல் இருக்கிறது, அல்லது போன வேகத்திலேயே வெளியேறுகிறது. உங்கள் விஷயத்தில் இரண்டுமே நடக்கிறது என்று நினைக்கிறேன்.

உள்ளே போகாததற்குக் காரணம் டீ. டீயில் இருக்கும் டானின் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். காபியும் கிட்டத்தட்ட இதையேதான் செய்யும். கடந்த பத்து நாளாக அதோடு 50 மில்லிகிராம் ஜிங்கும் சேர்ந்திருக்கிறது. இரும்பும் ஜிங்கும் வெறும் மாத்திரையாக ஒன்றாகப் போனால் உறிஞ்சப்படுவதில் ஒன்றோடொன்று போட்டி போடும்.

களியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராகி நல்ல உணவு, விட்டுவிடாதீர்கள். ஆனால் அதன் பெருமை சுண்ணாம்புச்சத்தில்தான். 100 கிராம் ராகியில் இரும்பு 4 அல்லது 5 மில்லிகிராம்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்களுக்குச் சொல்லும் தினசரி அளவு 29 மில்லிகிராம். ராகியில் உள்ள ஃபைடேட்டும் டானினும் இருக்கிற இரும்பிலும் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். ஜிங்கையும் அப்படியே. நம் பக்கத்தில் மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுவார்களே, அதில் ஃபைடேட் குறைகிறது. முளைகட்டி அரைத்த மாவிலும் குறையும். களியோடு கீரை கடைந்தால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை விடுவித்துக் கொடுக்கும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நல்லவை. இறைச்சியில் உள்ள இரும்பு இந்தத் தடைகளில் அவ்வளவாக மாட்டாது. ஆனால் 18-ஐ உணவால் மட்டும் 50 ஆக்க முடியாது. மாத்திரை வேண்டும்.

இனி இரும்பு வெளியே போகும் வழி. நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன காப்பர் டி-யைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காப்பர் டி போட்ட பலருக்கு மாதவிலக்கில் ரத்தம் முன்பைவிட அதிகமாகப் போகும், நாட்களும் கூடும். சாதாரணமாக 30, 40 மில்லிலிட்டர் போகிற இடத்தில் 80-ஐத் தாண்டினால் ஒவ்வொரு மாதமும் 30 மில்லிகிராம் இரும்போ அதற்கு மேலோ போய்விடும். வீட்டில் இருந்தபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா? ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

காப்பர் டி-யை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரத்தப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை பலருக்கு ஒத்துவரும். சிலருக்கு அது கூடாது என்பதால், கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனத்துக்கு மாறினால் ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளலாம். எது வசதி என்பது உங்கள் முடிவு. ஆனால் இந்த வழியைப் பார்க்காமல் விட்டால் எத்தனை மாத்திரை போட்டாலும், டிரிப்பே ஏற்றினாலும், ஒரு வருடத்தில் மறுபடி 18-க்கு வந்து நிற்பீர்கள்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்தப் பகுதியைக் காட்டிப் பேசிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், தண்ணீரோடு. முடிந்தால் எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். கால்சியம் மாத்திரையும் அதோடு சேர்க்க வேண்டாம். ஒருநாள் இடைவெளி ஏன் என்றால், இரும்பு மாத்திரை போட்டவுடன் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த 24 மணி நேரம் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. மறுநாள் போடும் மாத்திரையில் உள்ளே போகும் பங்கு குறைகிறது, மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். உங்களைப்போல் ரத்தசோகை லேசாக உள்ளவர்களுக்கு இந்த முறை போதும்.

அட்டையில் பார்க்க வேண்டியது தனி இரும்பு எத்தனை மில்லிகிராம் என்பதை. உப்பின் எடை பெரிதாக அச்சிட்டிருக்கும், இரும்பின் எடை சின்ன எழுத்தில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கின்றன. விலை அதிகமான மாத்திரைதான் வேண்டும் என்பதில்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை இருக்கிறது. இரும்பு மாத்திரைகள் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். சில மாத்திரைகளை விழுங்கினாலே அந்த வயதுக் குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து. கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டிரிப் விஷயம். நரம்பில் ஏற்றும் இரும்பு நல்ல மருந்துதான், தேவையானவர்களுக்கு. மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்கள், குடலில் உறிஞ்சாதவர்கள், ரத்தப்போக்கு மாத்திரையின் வேகத்தைத் தாண்டிப் போகிறவர்கள், கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு நாங்களே எழுதுவோம். அலர்ஜி வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும், வருடக்கணக்கில் போகாது. சில வகை மருந்தில் ரத்தத்தின் பாஸ்பரஸ் அளவு இறங்கி உடம்பு துவண்டுபோகும். நீங்கள் இன்னும் ஒருமுறைகூட மாத்திரையைச் சரியான முறையில் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் டிரிப்புக்குப் போக வேண்டாம்.

ஜிங்க் 62 குறைவா?

ரிப்போர்ட்டில் 70-லிருந்து 120 என்று ரேஞ்ச் போட்டு, உங்கள் 62-க்குப் பக்கத்தில் குறைவு என்று குறித்திருப்பார்கள். அந்த 70 என்ற எல்லை, காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்துக்கானது. ரத்தத்தில் ஜிங்க் காலையில் அதிகமாக இருக்கும், சாப்பிட்டதும் இறங்கும், மாலையில் இன்னும் குறைவாக இருக்கும். ஜிங்க் ஊட்டச்சத்துக்கான சர்வதேச ஆலோசனைக் குழு இதற்காகவே பெண்களுக்கு மூன்று எல்லைகளைத் தந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் 70, காலையில் சாப்பிட்டபின் 66, மதியத்துக்கு மேல் 59. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு 62 குறைவே இல்லை.

இந்த டெஸ்டுக்கு வேறு பலவீனங்களும் உண்டு. உடம்பிலுள்ள ஜிங்கில் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாகத்தான் ரத்தத்தின் திரவப் பகுதியில் இருக்கிறது. மீதி தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஃபெரிட்டின் ஏறும், ஜிங்க் இறங்கும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், ஆல்புமின் குறைந்தாலும் இறங்கும். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்து ஜிங்க் கலந்து பொய்யாக ஏறவும் செய்யும். இதற்கென்றே கருநீல மூடி போட்ட டியூப் இருக்கிறது, அதில்தான் எடுக்க வேண்டும்.

உண்மையான ஜிங்க் குறைபாடு என்றால் முடி மட்டும் கொட்டாது. வாயைச் சுற்றியும் விரல்களிலும் தோல் உரிந்து புண்ணாகும், நாக்கில் ருசி குறையும், காயம் ஆறாது, அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை.

ஆகவே ஜிங்க் மாத்திரையை இப்போதே நிறுத்திவிடுங்கள். பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளைக்கு 40 மில்லிகிராம் ஜிங்க்தான் மேல் வரம்பு. நீங்கள் மாத்திரையிலேயே 100 எடுக்கிறீர்கள். பத்து நாளில் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது, கவலைப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஜிங்க் குடலில் தாமிரத்தைத் தடுத்துவிடும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், கால் மரத்துப்போகும். ரத்தசோகைக்கு வைத்தியம் பார்க்கிற நேரத்தில் ரத்தசோகைக்கு இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்குவது போலாகும். அந்தத் தாமிரக் குறையைக் காப்பர் டி ஈடுகட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அதன் வேலை கர்ப்பப்பைக்குள் மட்டும்தான்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆன பிறகு, காய்ச்சல் சளி இல்லாத ஒரு நாளில், காலை எட்டு ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். 70-க்கு மேல் வந்தால் ஜிங்க் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். முடிக்காக 90, 100 என்று ஏற்ற வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 60-களில் வந்தால் நாளைக்கு 20, 25 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பு போடாத வேளையில், இரண்டு மூன்று மாதம் மட்டும். இதிலும் அட்டையைக் கவனியுங்கள். ஜிங்க் சல்ஃபேட் 220 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் தனி ஜிங்க் 50 இருக்கிறது.

பயோட்டின் பற்றி இரண்டு வரி. அதில் குறைபாடு வருவது அபூர்வம், உங்களுக்கு அது தேவைப்படாது. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் சில லேப் கருவிகளில் ஃபெரிட்டினையும் தைராய்டு டி.எஸ்.ஹெச். அளவையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நவம்பர் டெஸ்டுக்குப் பிறகு தொடங்கியதால் உங்கள் 18-ஐ அது பாதிக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு மூன்று நாளாவது முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

முடி எப்போது வரும்?

அக்டோபரில் கொட்டிய முடிக்கு நாள் குறிக்கப்பட்டது ஆகஸ்டில். கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி இரண்டு மூன்று மாதம் தலையில் இருந்துவிட்டுத்தான் விழும். உங்கள் தேதிகள் அப்படியே பொருந்துகின்றன. விழுந்த முடியின் வேர்ப்பக்கத்தில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி, வேர் அழிந்துவிடவில்லை. காய்ச்சலால் வந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். குறைந்த இரும்பு அதை இழுத்தடிக்கலாம். அதனால்தான் அதைச் சரிசெய்கிறோம்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முதலில் தெரிவது, தலை வாரும்போது சீப்பில் வரும் முடி குறைவது. அப்புறம் நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கும். ஜடை பழைய கனத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகலாம். ஃபெரிட்டின் 50 ஆன வாரத்திலேயே ஜடையில் மாற்றம் தேட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடி முன் நடு வகிடு எடுத்துப் பாருங்கள். உச்சியில் வகிடு அகலமாகி, பின்தலையில் அப்படி இல்லை என்றால் அது பரம்பரையாக வரும் மெலிதல். உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி இருந்தால் சந்தேகம் கூடும். அதற்கு இரும்பும் ஜிங்கும் மருந்தல்ல. தலையில் தடவும் மினாக்ஸிடில்தான் முதல் மருந்து, அதை ஒரு தோல் மருத்துவர் பார்த்துத் தொடங்க வேண்டும். காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு, பலருக்கு அதுவரை கண்ணில் படாமல் இருந்த இந்த மெலிதலை வெளியே காட்டிவிடும். வட்ட வட்டமாகக் கொட்டினாலும், தலைத்தோல் பளபளத்துத் துவாரமே தெரியாமல் போனாலும் காத்திருக்காமல் வாருங்கள்.

அடுத்து எடுக்க வேண்டிய டெஸ்டுகளைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை முறையை மாற்றிய நான்காவது வாரம் ஹீமோகுளோபின் மட்டும். அது 12-ஐ ஒட்டி வந்திருந்தால் இரும்பு உள்ளே போகிறது. டீயை விட்டும், ரத்தப்போக்கைக் கவனித்தும் அசையவே இல்லை என்றால் வயிற்றுப் பூச்சி, பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கேரியரா என்று பார்க்கும் ஹெச்.பி.ஏ.2 டெஸ்ட், வயிற்றில் உறிஞ்சும் கோளாறு என்று அடுத்த காரணங்களைப் பார்க்க வேண்டும். எம்.சி.வி. 75 என்பதால் தலசீமியா கேரியர் என்ற சந்தேகத்தை நான் முழுவதும் விடவில்லை. ஃபெரிட்டினை மூன்றாவது மாதம் முடியும்போது, அதே லேபில், சி.ஆர்.பி.யோடு சேர்த்து எடுங்கள். லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். அதற்கு முன் எடுப்பது வீண் செலவு. 40-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் தொடர்ந்து, 50-ஐ ஒட்டியதும் நிறுத்திவிடலாம். நிறுத்திய மூன்றாவது மாதம் ஒருமுறை மட்டும் ஃபெரிட்டினைப் பாருங்கள். அப்போது மறுபடி இறங்கியிருந்தால் மாத்திரைக்குப் போகும் முன் மாதவிலக்குக் கணக்கோடு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.